குளிக்க எங்கே?

சென்னை பெருங்குடியில் எங்கள் அலுவலகம். சைக்கிளில் வேலைக்கு வரச் சொல்லி ஊழியர்களுக்கு ஒரு வாசகம் எழுதும் வேலை நிர்வாகப் பிரிவில் இருந்த என் தலையில் விழுந்தது. லிஃப்ட் கதவிலும் கேன்டீன் வாசலிலும் ஒட்ட வேண்டும். காரணம், பேஸ்மென்டில் கார் நிறுத்த இடம் போதவில்லை. சுற்றுச்சூழல் எல்லாம் அப்புறம்தான் பேச்சில் வந்தது.

முதலில் எழுதியது "புகையை விடு, மிதியைத் தொடு." எதுகை இருக்கிறது, சின்னதாக இருக்கிறது என்று எனக்கே திருப்தி. கேன்டீனில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவரிடம் காட்டினேன். "நல்லா இருக்கு சார், ஸ்கூல்ல ஒட்டலாம்" என்றார். அவர் சொன்னது சரிதான். ஒன்பதரை மணி மீட்டிங்குக்கு ஓடுகிறவனுக்குப் புகை ஒரு கவலையே இல்லை. "மிதிவண்டியில் வாருங்கள்" என்று இன்னொன்று எழுதினேன். அதைப் படித்தால் அரசாங்க அறிவிப்புப் பலகை ஞாபகம்தான் வருகிறது. வீட்டில் யாரும் மிதிவண்டி என்று சொல்வதில்லை, எல்லோருக்கும் அது சைக்கிள்தான்.

பிறகு எழுதுவதை நிறுத்திவிட்டு, வேளச்சேரியிலிருந்து வரும் சிலரிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: காலையில் எத்தனை மணிக்குக் கிளம்புவீர்கள்? யாருமே ஒரு நேரத்தைச் சொல்லவில்லை. "எட்டரைக்குக் கிளம்பினா ஒன்பதுக்கும் வரலாம், ஒன்பதே முக்காலுக்கும் வரலாம்" என்றார் ஒருவர். எனக்குப் பொறி தட்டியது அங்கேதான். நேரம் அதிகமாவதைப் பொறுத்துக்கொள்கிறார்கள். இன்றைக்கு எவ்வளவு ஆகும் என்று தெரியாததுதான் அவர்களைத் தின்கிறது.

ஒரு வாரம் நானே ஓட்டிப் பார்த்தேன். விஜயநகர் பஸ் ஸ்டாண்டிலிருந்து தரமணி லிங்க் ரோடு, எஸ்.ஆர்.பி. டூல்ஸ் சந்திப்பு, அங்கிருந்து வலப்பக்கம் ஓ.எம்.ஆர். மொத்தம் சுமார் 6 கிலோமீட்டர். மூச்சு வாங்காமல் மிதித்தால் மணிக்கு 15 கிலோமீட்டர் போகும். ஐந்து நாளும் 24 நிமிடத்திலிருந்து 27 நிமிடத்துக்குள்தான் ஆனது. அதற்கு முந்தைய வாரம் அதே வழியில் காரில் வந்ததைக் குறித்து வைத்திருந்தேன்: ஒரு நாள் 22, ஒரு நாள் 51. காருக்கு முன்னால் எத்தனை வண்டி நிற்கிறது என்பதைப் பொறுத்தது அதன் நேரம். சைக்கிள் ஓரமாக நழுவி சிக்னலின் முன்னால் போய் நின்றுவிடும். அதன் நேரம் ஓட்டுகிறவன் காலைப் பொறுத்தது.

வாசகம் தானாக வந்தது: "நேற்றும் 25 நிமிடம். இன்றும் 25 நிமிடம்." கீழே சின்ன எழுத்தில் "சைக்கிளில் வாருங்கள்."

ஒட்டிய அன்றே மேடவாக்கத்துக்கு அப்பாலிருந்து வரும் ஒருவர் பிடித்துக்கொண்டார். "எனக்கு 25 நிமிஷத்துல வர முடியுமா, சொல்லுங்க பார்ப்போம்." அவர் வீடு 15 கிலோமீட்டர். ஒரு மணி நேரம் ஆகும். எண் போட்டு எழுதினால் இதுதான் வில்லங்கம், அந்த எண் யாருக்கு என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். "வேளச்சேரியிலிருந்து" என்று மேலே ஒரு வரி சேர்த்தோம். திருவான்மியூருக்குத் தனியாக ஒன்று. 8 கிலோமீட்டருக்கு மேல் இருப்பவர்களுக்கு எதுவும் எழுதவில்லை. ஊர் பெயர் வந்ததும் ஆட்கள் லிஃப்டில் நின்று படித்தார்கள், தன் பேட்டை பெயரைப் பார்த்தால் கண் போகத்தானே செய்யும்.

இரண்டாம் வாரம் ஒரு போஸ்டரில், 25 நிமிடத்துக்குக் கீழே, யாரோ பால்பாயின்ட் பேனாவால் எழுதியிருந்தார்கள்: "குளிக்க எங்கே?"

எனக்குச் சுருக்கென்றது. நானே அனுபவித்ததுதான், எழுத மறந்துவிட்டேன். சென்னையில் ஓட்டும்போது காற்று பட்டு வியர்வை அவ்வளவாகத் தெரியாது. சைக்கிளை நிறுத்தியதும்தான் கொட்டும். உடனே போய்க் குளித்தாலும் உடம்பு சூடு இறங்காமல், துவட்டி முடிப்பதற்குள் மறுபடி சட்டை நனையும். ஃபேன் அடியில் பத்து நிமிடம் உட்கார்ந்துவிட்டுக் குளிக்க வேண்டும். ஆக 25 நிமிடம் என்று நான் எழுதியது நாற்காலியில் உட்காரும் வரை கணக்குப் போட்டால் 45. அதைச் சொல்லாமல் விட்டது தப்பு.

பேஸ்மென்டில் டிரைவர்களுக்கென்று கட்டிய குளியலறை ஒன்று, பழைய நாற்காலிகளைப் போட்டுப் பூட்டிக் கிடந்தது. அதைக் காலி செய்ய வைக்க மூன்று மெயில், இரண்டு மீட்டிங். ஷவர் வேலை செய்தது, கொக்கிதான் இல்லை. நான்கு கொக்கியும் ஒரு ஃபேனும் மாட்டினோம். டிரைவர்களும் பயன்படுத்தலாம் என்று ஆனது, முதலிலேயே அவர்களுடையதுதானே.

புது போஸ்டரில் அந்தப் பேனா எழுத்தை அப்படியே பெரிதாக்கி அச்சடித்தேன். "குளிக்க எங்கே?" அதற்குக் கீழே: "பேஸ்மென்ட் 2. சாவி செக்யூரிட்டியிடம்." அடுத்த திங்கட்கிழமை செக்யூரிட்டி அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "சார், ஒரு சாவி பத்தல, ரெண்டு பேரு நிக்கிறாங்க" என்றார்.