கோட்டு உபயம்

எங்கள் மன்றச் செயலாளரிடமிருந்து நேற்று ஒரு கடிதம் வந்தது. மனிதர் பணியிலிருந்த காலத்தில் விடுப்பு விண்ணப்பத்தை நிராகரிப்பதைக் கூடப் பிறந்தநாள் வாழ்த்தைப் போல எழுதுவார். வாங்கியவர் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்து, படிக்கட்டில் நின்று மறுபடி படித்த பிறகுதான் விடுப்பு கிடைக்கவில்லை என்பதே விளங்கும். ஓய்வு பெற்ற பின்னும் அந்தக் கை ஓயவில்லை.

விஷயம் இதுதான். பொன்விழா மலரில் 1986ஆம் ஆண்டின் குழுப் புகைப்படத்தை முழுப் பக்கத்தில் போடுகிறார்கள். மன்றக் கூடத்தில் கேரம் பலகைக்கு மேலே மாட்டியிருக்கிறதே, அதே படம். அதில் முன்வரிசையில் ஏழாவது நாற்காலியில் அமர்ந்திருக்கும் ஆசாமியை மட்டும் நீக்கிவிட்டு அச்சிடும்படி நான் விண்ணப்பித்திருந்தேன். காரணம் உங்களுக்குத் தெரியும். அவர் அணிந்திருப்பது என் கோட்டு. என் கல்யாணத்துக்குத் தைத்த கோட்டு. அந்த ஆண்டு அவர் இணைச் செயலாளர் என்பதால் அவருக்கு நாற்காலி. வெறும் செயற்குழு உறுப்பினரான நான் அவருக்குப் பின்னால் நின்றேன். “நாற்காலியில் உட்காருகிறவன் கோட்டில்லாமல் இருந்தால் மன்றத்துக்கே இழுக்கு” என்று காலையிலேயே வந்து வாங்கிக்கொண்டு போனவர், மறுநாள் ஒரு பொத்தான் குறைவாகத் திருப்பிக் கொடுத்தார். அதுகூடப் போகட்டும். படத்தில் அவர் கழுத்தை ஒட்டகச்சிவிங்கி போல நீட்டி, முதுகை விறைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் திமிரைத்தான் என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை. வீட்டுக்கு வரும் சம்பந்தி வீட்டார் அத்தனை பேரும் படத்தைப் பார்த்து, “இந்தக் கம்பீரமான மனிதர் யார்?” என்று அவரைத்தான் கேட்கிறார்கள். அவருடைய தலைக்கு மேலே தெரியும் முகம்தான் நான் என்பதை என் மனைவி சுட்டிக்காட்ட வேண்டியிருக்கிறது.

செயலாளர் எழுதியிருந்தார்: “தங்கள் மேலான கடிதம் கிடைக்கப்பெற்று மகிழ்ந்தேன். தங்கள் மன வருத்தத்தில் மன்றமும் பங்குகொள்கிறது. எனினும் படத்தின் கீழே ‘அமர்ந்திருப்பவர்கள், இடமிருந்து வலம்’ எனப் பதினொரு பெயர்கள் அச்சாகியுள்ளதைத் தாங்கள் அறிவீர்கள். ஆளை மட்டும் எடுத்துப் பெயரை விட்டுவைத்தால் அவருக்கு வலப்புறம் இருக்கும் நால்வரும் ஆளுக்கொரு பெயர் தள்ளிப்போய், நம் பொருளாளர் தம் பெயரை இழந்து தேநீர்க்கடைப் பாக்கிக்குப் புகழ்பெற்ற இன்னொருவரின் பெயரைச் சுமக்க நேரிடும். பெயரையும் சேர்த்து எடுத்தால் நடுவில் ஒரு காலி நாற்காலி நிற்கும். குழுப் படத்தில் காலி நாற்காலியைக் காண்பவர்கள் யாரோ காலமாகிவிட்டதாகவே கருதுவார்கள். சம்பந்தப்பட்டவர் கோயம்புத்தூரில் மகன் வீட்டில் நலமாக இருக்கிறார்.”

இத்துடன் அவர் விட்டிருக்கலாம். ஆனால் எங்கள் செயலாளர் நூலகத்துக்குப் போகிறவர். 1937இல் மாஸ்கோ கால்வாயின் கரையில் ஸ்டாலினுக்கு அருகே நின்று படம் எடுத்துக்கொண்ட ரகசியப் போலீஸ் தலைவர் நிக்கோலாய் யெஷோவைப் பற்றி ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தார். யெஷோவ் பதவியிழந்து, 1940இல் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, அந்தப் படத்திலிருந்தும் அவரை நீக்கிவிட்டார்கள். அவர் நின்ற இடத்தில் கால்வாய்த் தண்ணீர் மட்டுமே தெரிந்தது. “தங்கள் கோரிக்கைக்கு முன்னுதாரணம் இல்லாமலில்லை,” என்கிறார் செயலாளர். “ஆனால் யெஷோவ் படத்தின் ஓரத்தில் நின்றார், அவருக்குப் பின்னால் இருந்தது வெறும் தண்ணீர். தண்ணீரை வரைந்து நிரப்புவது எளிது. நம் நண்பரோ நடுவில் அமர்ந்திருக்கிறார். அவருக்குப் பின்னால் இருப்பது தாங்கள். அவரை எடுத்தால் தெரிய வேண்டிய தங்கள் மார்பும் வயிறும் அன்று படச்சுருளில் பதியவே இல்லை. பதியாத உடம்பை மன்றம் எங்கிருந்து கொண்டுவரும்? தவிர, இதே போன்ற விண்ணப்பங்கள் மேலும் ஐந்து வந்துள்ளன. அனைத்தையும் ஏற்றுக்கொண்டால் இறுதியில் இரு ஓரங்களிலும் உள்ள குரோட்டன்ஸ் தொட்டிகளே படத்தில் எஞ்சும். தங்கள் அன்பை என்றும் நாடும்...”

ஒரு விண்ணப்பத்தை மறுப்பதற்கு ஸ்டாலினையா துணைக்கு அழைப்பது? எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. சுவரில் இருந்த என் பிரதியைச் சட்டத்தோடு கழற்றிக்கொண்டு, தெருமுனையில் ஆதார் அட்டைக்கு நெகிழியுறை போட்டுத் தரும் கடைக்குப் போனேன். அங்கிருக்கும் தம்பி படத்தை ஸ்கேன் செய்து, ஆசாமியைச் சுற்றிக் கோடு போட்டு, ஒரு விசையைத் தட்டினான். ஆசாமி மறைந்தார். எனக்கு வந்த ஆனந்தம் ஐந்து விநாடி கூட நீடிக்கவில்லை. ஓட்டையை நிரப்ப அந்த மென்பொருள் அக்கம்பக்கத்தில் கிடைத்ததையெல்லாம் எடுத்து ஒட்டியிருந்தது. பக்கத்து நாற்காலிக்காரருக்கு மூன்றாவது முழங்கால் முளைத்திருந்தது. நாற்காலியின் கைப்பிடியில் யாருடையது என்று தெரியாத நான்கு விரல்கள் கிடந்தன. என் கழுத்துக்குக் கீழே செங்கல் சுவர் தொடங்கிற்று. எல்லாவற்றுக்கும் மேலாக, தரையில் ஆசாமியின் நிழல் மட்டும் போகாமல் அப்படியே உட்கார்ந்திருந்தது.

“நிழலை அழித்துவிடலாம் ஐயா. உங்கள் உடம்பைத்தான் வரைய வேண்டும். அன்றைக்கு என்ன சட்டை போட்டிருந்தீர்கள்?” என்று தம்பி கேட்டான்.

“வெள்ளைச் சட்டை” என்று சொல்லிவிட்டு, வாயை மூடிக்கொண்டேன். அது முழுவதும் வெள்ளையாக இருக்கவில்லை.

அன்று காலை கோட்டோடு சேர்த்து என் மைப் பேனாவையும் அந்த ஆசாமி இரவல் வாங்கியிருந்தார். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூடியைச் சரியாகத் திருகாமல் என் பையில் அவரே செருகிவிட்டார். புகைப்படக்காரர் முக்காலியை நிறுத்திக் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டபோதுதான் நான் குனிந்து பார்த்தேன். சட்டைப் பையைச் சுற்றி உள்ளங்கை அளவுக்கு நீலம் படர்ந்திருந்தது. நிற்பவர்களை இரண்டு நாற்காலிகளுக்கு இடைப்பட்ட சந்தில் நிறுத்துவதுதான் வழக்கம். என்னையும் அப்படி ஒரு சந்தில்தான் நிறுத்தியிருந்தார்கள். மறைப்பதற்குக் கோட்டும் இல்லை. அது முன்னால் உட்கார்ந்திருந்தது. அப்போது இந்த ஆசாமி திரும்பிப் பார்த்து, என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துத் தமக்கு நேர் பின்னால் நிறுத்திக்கொண்டார். “குனியாமல் நில்லுங்கள். என் தலை மறைத்துக்கொள்ளும்,” என்றார். தலை எட்டவில்லை. ஆகவே கழுத்தை நீட்டினார், முதுகை விறைத்தார். “அசையாதீர்கள்” என்ற குரல் வந்து, இரண்டு முறை படம் எடுத்து முடியும் வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

கடைத் தம்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். “பழையபடியே இருக்கட்டும் தம்பி” என்றேன். இருபது ரூபாய் வாங்கிக்கொண்டான். ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு இருபது ரூபாய்.

இரவு செயலாளருக்குப் பதில் எழுதினேன். என் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுவதாகவும், ஆனால் படத்தின் கீழே ஏழாவது பெயருக்கு அருகில் சிறிய எழுத்தில் “கோட்டு உபயம்: பின்னால் நிற்பவர்” என்று அச்சிட்டே தீர வேண்டும் என்றும் குறிப்பிட்டிருக்கிறேன். கோயில் குழல்விளக்கில் பாதி வெளிச்சத்தை மறைத்துக்கொண்டு உபயதாரர் பெயர் எழுதியிருக்கும்போது, ஒரு கோட்டுக்கு ஒரு வரி போடக் கூடாதா? மையைப் பற்றி நான் எதுவும் எழுதவில்லை. அந்தப் பொத்தான் இன்னும் வந்து சேரவில்லை என்பதை மட்டும் பின்குறிப்பாகச் சேர்த்திருக்கிறேன்.