ஆயிரம் ரூபா கொடுத்தவருக்கு 450 என்று எழுதினால்

கிராமத்துக் கூட்டுறவுச் சங்கங்களின் சேமிப்புத் துண்டுப்பிரசுரங்கள் பெரும்பாலும் 1972ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கக் கூட்டுறவுச் சங்கங்கள் சட்டத்தில் தொடங்கி உபவிதிகளில் முடியும். எழுதியவர்கள் மேல் குறை சொல்ல முடியாது. உதவி ஆணையாளர் அலுவலகத்துக்கும் கணக்காய்வுக்கும் பதில் சொல்லும் பழக்கத்தில் வந்த தமிழ் அது. முதன்முறை கணக்குத் திறக்க வரும் ஒருவர், அதுவும் தோட்டத்து லயத்திலிருந்து பத்தாம் திகதிச் சம்பளத்தோடு வருபவர், அதில் தேடுவது ஒன்றே ஒன்றுதான்: நான் கொடுக்கும் காசு எங்கே போகிறது, எப்போது திரும்ப எடுக்கலாம்?

இந்த இடத்தில்தான் பழைய பிரசுரங்கள் இடறுகின்றன. வழக்கமான வாக்கியம் இப்படி இருக்கும்: "அங்கத்துவம் பெற விரும்புவோர் உரிய சேர்வுக் கட்டணத்துடன் ஆகக்குறைந்தது ஐந்து பங்குகளுக்கான தொகையைச் செலுத்தி, ஆகக்குறைந்த மீதியைப் பேணும் நிபந்தனைக்கமைய சேமிப்புக் கணக்கொன்றை ஆரம்பிக்கலாம்." பிழை ஒன்றும் இல்லை. ஆனால் இந்த ஒரு வாக்கியத்துக்குள் நான்கு தொகைகள் ஒளிந்திருக்கின்றன. நான்கும் நான்கு விதமாக நடந்துகொள்ளும் காசு.

ஒரு கணக்கைப் பிரித்துப் பார்க்கலாம். தொகைகள் சங்கத்துக்குச் சங்கம் வேறுபடும், இவை உதாரணத்துக்கு. ஒரு அக்கா 1,000 ரூபா கொண்டுவருகிறார். சேர்வுக் கட்டணம் 50. பங்கு ஒன்று 100 ரூபா வீதம் ஐந்து பங்குக்கு 500. மிச்சம் 450 சேமிப்பில் விழுகிறது. அவர் கையில் கிடைக்கும் புத்தகத்தில் 450 என்றுதான் எழுதியிருக்கும். கணக்கில் எப்போதும் 200 ரூபா இருக்க வேண்டும் என்றால், அன்றைக்கே அவசரம் வந்தாலும் அவர் எடுக்கக்கூடியது 250 ரூபாதான்.

சம்பளச் சீட்டில் பிடிப்புகளைப் பார்த்துப் பழகியவர்களுக்கு, ஆயிரம் 450 ஆனால் அதற்கு ஒரே அர்த்தம்: "550 ரூபாவைப் பிடிச்சிட்டாங்க." அடுத்த மாதம் அவர் வராமல் விடுவதற்கு இது போதும். கவுண்டரில் நிற்கும் பிள்ளை வாயால் விளக்கினாலும், வரிசை நீளமாக இருக்கும் நாளில் அந்த விளக்கம் அரை நிமிடத்துக்கு மேல் போகாது.

ஆகவே புதிய பிரசுரத்தின் முதல் பக்கத்தில் சட்டமும் வேண்டாம், சங்கத்தின் வரலாறும் வேண்டாம். இந்த ஆயிரம் ரூபா மட்டும் போதும்:

"நீங்கள் 1,000 ரூபா கொடுத்தால், 50 ரூபா சேர்வுக் கட்டணம். இது திரும்பி வராது. 500 ரூபா உங்கள் பங்கு. இது உங்கள் பெயரில் இருக்கும். இடையில் எடுக்க முடியாது. சங்கத்தை விட்டு விலகும்போது சங்க விதிப்படி கேட்கலாம். 450 ரூபா உங்கள் சேமிப்பு. இதில் 200 ரூபாவைக் கணக்கில் விட்டுவிட்டு மிச்சத்தை எடுக்கலாம்."

இதன் கீழே இன்னும் ஒரு வரி வேண்டும்: "புத்தகத்தில் 450 மட்டும் எழுதுவோம். 50க்கும் 500க்கும் தனியாகப் பற்றுச்சீட்டு தருவோம். மூன்றையும் கூட்டிப் பாருங்கள். 1,000 வர வேண்டும்." கூட்டிப் பார்க்கச் சொல்லும் இந்த வரியைச் சில செயற்குழுக்கள் விரும்புவதில்லை, ஏதோ சங்கத்தையே சந்தேகப்படச் சொல்வது போல இருக்கிறதாம். விட்டுக்கொடுக்கக் கூடாத வரி இதுதான். பற்றுச்சீட்டு எழுதாமல் விடும் சோம்பலைப் பிடிப்பதற்கும் இது உதவும்.

பங்கை வாயால் விளக்கும்போது, "சேர்வுக் கட்டணம் தொழிற்சங்கச் சந்தா மாதிரி, பங்கு ஈ.பி.எஃப். மாதிரி" என்று சொன்னால் தோட்டத்து ஆட்களுக்குச் சட்டென்று பிடிபடும். ஆனால் அதை அச்சில் போடக் கூடாது. ஈ.பி.எஃப். சட்டப்படி நடக்கும் அரச நிதியம்; பங்கு என்பது சங்கத்தின் மூலதனம், சங்கம் நட்டப்பட்டால் அதுவும் அடிபடலாம். இதே காரணத்துக்காக "வங்கியைப் போலப் பாதுகாப்பானது" என்ற பழைய வரியையும் எடுத்துவிட வேண்டும். மத்திய வங்கியின் வைப்புக் காப்புறுதி, உரிமம் பெற்ற வங்கிகளுக்கும் நிதிக் கம்பனிகளுக்கும் உரியது. கிராமத்துச் சங்கம் அதில் இல்லை.

அடுத்த சிக்கல் வட்டி. "மாதத்தின் ஆகக்குறைந்த மீதிக்கு வட்டி கணிக்கப்படும்" என்பது பல சங்கங்களின் முறை. இதற்கு உதாரணம் போடுபவர்கள் வசதிக்காக ஒன்றாம் திகதியில் பணம் போடுவார்கள். மலையகத்தில் சம்பளம் பத்தாம் திகதியை ஒட்டி வருகிறது. உதாரணமும் அங்கிருந்து தொடங்க வேண்டும். மாதம் பிறக்கும்போது 450 இருக்கிறது. 12ஆம் திகதி 3,000 போடுகிறார், புத்தகத்தில் 3,450. ஆண்டுக்கு 5 வீதம் என்றால் அந்த மாதம் வட்டி கணக்காவது 450க்கு மட்டுமே, இரண்டு ரூபாவும் வராது. போட்ட 3,000க்கு அந்த மாதம் ஒன்றும் இல்லை. அடுத்த மாதம் முழுக்கக் கை வைக்காமல் விட்டால் 3,450க்கு 14 ரூபா சொச்சம். இடையில் ஒரு நாள் 2,000 எடுத்து மறுநாளே திருப்பிப் போட்டாலும், அந்த மாதக் கணக்கு 1,450க்கு இறங்கிவிடும்.

பிரசுரத்தில் இவ்வளவும் வேண்டாம். "மாத நடுவில் போடும் பணத்துக்கு அடுத்த மாதத்திலிருந்துதான் வட்டி. மாதத்தில் ஒரு நாள் குறைந்தாலும், குறைந்த தொகைக்குத்தான் அந்த மாத வட்டி." இரண்டு வரி. வீதத்தை மட்டும் அச்சடிக்காமல் ஒரு கட்டம் விட்டு, திகதியோடு பேனாவால் எழுத வேண்டும். வீதம் மாறியதும் பழைய கட்டு முழுவதும் பொய்யாகிவிடும். ஆனாலும் காசு கொடுத்து அடித்தது என்று அதையே கொடுத்துக்கொண்டிருப்பார்கள்.

எளிமைப்படுத்தும் ஆசையில் இன்னொரு தவறு நடக்கும். பிரசுரத்தில் "பணம் எடுக்கும் சீட்டு" என்று போட்டுவிடுவோம். கவுண்டரில் இருக்கும் சீட்டின் தலைப்பு "மீளப்பெறல்". ஆள் சரியான சீட்டைக் கையில் வைத்துக்கொண்டே அதைத் தேடுவார். படிவத்தை மாற்றும் அதிகாரம் இல்லாவிட்டால், "பணம் எடுக்கும் சீட்டு (மேலே 'மீளப்பெறல்' என்று இருக்கும்)" என்று இரண்டையும் சேர்த்தே எழுத வேண்டும். பின்னுரித்தாளர் கட்டமும் அப்படித்தான்: "உங்களுக்குப் பிறகு இந்தப் பணம் யாருக்கு?" என்று கேட்டுவிட்டு, படிவத்தில் உள்ள சொல்லைப் பக்கத்தில் போட்டால் போதும். பெயரைப் பற்றி ஒரே வரி: அடையாள அட்டையில் உள்ளபடி. செக்ரோலில் ஒரு பெயரும் அடையாள அட்டையில் இன்னொரு பெயரும் இருப்பது தோட்டங்களில் புதிதல்ல. பணம் எடுக்கும் நாளில் அது தெரியவருவதை விட, திறக்கும் நாளிலேயே தெரிவது நல்லது.

அச்சுக்குக் கொடுக்குமுன் வரைவை நாலு பேரிடம் காட்டுவது வழக்கம். "விளங்குதா அக்கா?" என்று கேட்டால் "விளங்குதுங்க" என்றுதான் பதில் வரும், மரியாதைக்குச் சொல்வது. கேட்க வேண்டியது வேறு: "இந்த அக்கா நாளைக்கே வந்து 300 ரூபா கேட்டா குடுப்பாங்களா?" 450 இருக்கிறதே, கொடுப்பார்கள் என்று பதில் வந்தால் 200 ரூபா வரி சரியாக விழவில்லை என்று அர்த்தம். அப்போது அதை இப்படி மாற்றலாம்: "புத்தகத்தில் 450 இருந்தால், எடுக்கக்கூடியது 250." கழித்தலை வாசிப்பவரிடம் விடாமல் நாமே செய்துவிட வேண்டும். "அப்ப அந்த 500?" என்று அவராகவே கேட்டால், பங்கு வரியும் இன்னும் தெளியவில்லை, அதைத் திருத்திவிட்டு, முதல் வரைவைப் பார்க்காத வேறொருவரிடம் காட்ட வேண்டும்.