ஒரே கேனுலா, மூன்று குறியீடு: கிளினிக்கல் லாக்புக்கில் மேற்பார்வை நிலையை வரையறுத்த அனுபவம்

நோயாளிகளிடம் செய்த செயல்முறைகளைப் பதியும் மாணவர் லாக்புக்கில், மேற்பார்வை நிலைக்கு வழக்கமாக இருப்பவை நான்கு தேர்வுகள்: பார்த்தேன், உதவினேன், மேற்பார்வையில் செய்தேன், தனியாகச் செய்தேன். படிக்கும்போது தெளிவாகத்தான் தெரியும். வார்டில் நிரப்பும்போதுதான் ஆளுக்கு ஒரு பொருள் வரும். லாக்புக்கைத் திருத்தி அமைக்க உட்கார்ந்தபோது எங்கள் நேரத்தில் பெரும்பகுதியை எடுத்துக்கொண்டது இந்த ஒரு கட்டம்தான்.

ஒரு நிகழ்வை எடுத்துக்கொள்வோம். மாணவி டூர்னிகே கட்டி, ரத்தக்குழாயைத் தேர்ந்து, ஊசியோடு சேர்ந்த மெல்லிய குழாயான கேனுலாவைச் செலுத்துகிறார். ஊசியின் பின்புற அறையில் ரத்தம் தெரிகிறது. ஆனால் கேனுலா உள்ளே நகரவில்லை. அருகில் நிற்கும் சீனியர் "கோணத்தைக் குறைம்மா" என்கிறார். மாணவி அப்படியே செய்ய, கேனுலா ஏறிவிடுகிறது. மாணவி இதை "தனியாகச் செய்தேன்" என்று எழுதுவார். வேறு யார் கையும் படவில்லையே. சீனியர் "மேற்பார்வையில்" என்பார். தான் வாய் திறக்காமல் இருந்திருந்தால் இது தவறியிருக்கும் என்று நினைக்கும் இன்னொரு சீனியர், மாணவிக்கு "உதவினேன்" என்றே குறிப்பார்.

ஆகவே திறமையை மதிப்பிடும் சொற்களை நீக்கிவிட்டு, கண்ணால் பார்க்கக்கூடியதை மட்டும் கேட்டோம். யார் கை செய்தது? மேற்பார்வையாளர் எங்கே இருந்தார்? குறுக்கிட்டாரா? இதிலிருந்து ஐந்து நிலைகள் வந்தன. கை படாமல் பார்த்தது 1. ஒரு பகுதியை மட்டும் செய்தது 2. முழுவதும் மாணவரே செய்து, நடுவில் சொல்லாலோ கையாலோ திருத்தம் வந்தது 3. மேற்பார்வையாளர் பக்கத்தில் இருந்தும் குறுக்கிடாதது 4. அவர் கூப்பிடு தூரத்தில் இருந்து, முடிந்தபின் வந்து சரிபார்த்தது 5. நடுவில் மேற்பார்வையாளரே வாங்கி முடித்துவிட்டால் அது 2. ஒரு நோயாளிக்கு ஒரு செயல்முறை என்றால் ஒரே பதிவு. இரண்டு நிலைக்கு நடுவே சந்தேகம் வந்தால் குறைந்த எண்ணையே எழுத வேண்டும். அந்தக் கேனுலா இப்போது யார் எழுதினாலும் 3.

இந்த விளக்கங்கள் முன்னுரைப் பக்கத்தில் மட்டும் இருந்தால் போதாது, யாரும் அங்கே திரும்பிப் போக மாட்டார்கள். ஒவ்வொரு பதிவுப் பக்கத்தின் தலைப்பிலும் ஒரு வரியாக அச்சிட வேண்டும்.

வெற்றியா தோல்வியா என்பதைத் தனிக் கட்டமாக வைப்பது அவசியம். நிலையோடு சேர்த்தால், தவறிய முயற்சிகள் பதிவிலிருந்தே மறைந்துவிடும். "இத்தனை கேனுலா போட்டிருக்க வேண்டும்" என்ற இலக்கில் வெற்றிகள் மட்டும் கணக்கானாலும் அதே கதிதான்.

அச்சுக்குக் கொடுக்குமுன் ஒரு சோதனை கட்டாயம் வேண்டும். மேலே சொன்னது போன்ற ஐந்தாறு நிகழ்வுகளை எழுதி, மாணவர்களிடமும் கையெழுத்திடப் போகும் ஆசிரியர்களிடமும் தனித்தனியே கொடுத்து எண் போடச் சொல்லுங்கள். எங்கே எண்கள் பிரிகின்றனவோ அங்கே வரையறையில் ஓட்டை இருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் 3-க்கும் 4-க்கும் நடுவில்தான் பிரியும். "நல்லா பண்ற, தொடர்ந்து செய்" என்று ஊக்கப்படுத்துவது குறுக்கீடா? இல்லை, அடுத்து என்ன செய்வது என்பதை மாற்றிய சொல்தான் குறுக்கீடு. இந்த வாக்கியம் வரையறையில் சேர்ந்தால்தான் வேறுபாடு குறையும்.

அனுபவச் சிந்தனைக்கு ஒவ்வொரு பதிவிலும் இடம் விட்டால், "நிறையக் கற்றுக்கொண்டேன்" என்ற வரிதான் பக்கம் பக்கமாக வரும். வாரத்துக்கு ஒன்று போதும், அதுவும் நிலை 3 அல்லது தவறிய முயற்சியிலிருந்து தேர்ந்தெடுக்க வேண்டும். வெற்றுப் பெட்டிக்குப் பதில் மூன்று கேள்விகள்: எந்த இடத்தில் எதிர்பார்த்தபடி நடக்கவில்லை, ஏன், அடுத்த முறை கை என்ன செய்யும். அந்த மாணவி எழுத வேண்டியது இப்படி இருக்கும்: "ரத்தம் தெரிந்ததும் கேனுலாவைத் தள்ளினேன், நகரவில்லை. ஊசி முனை கேனுலா முனையைவிடச் சற்று முன்னால் நீட்டியிருக்கும். ஊசி மட்டுமே ரத்தக்குழாய்க்குள் போயிருந்தது. இனி ரத்தம் தெரிந்ததும் கோணத்தைக் குறைத்து, இரண்டையும் சேர்த்துச் சில மில்லிமீட்டர் முன்னேற்றிய பிறகே கேனுலாவைத் தள்ளுவேன்." மூன்றாவது பதிலில் கையால் செய்யும் வேலை எதுவும் இல்லையென்றால் ஆசிரியர் அதைத் திருப்பிக் கொடுக்கலாம்.

நோயாளியின் பெயரோ மருத்துவமனை எண்ணோ எங்கும் வேண்டாம். வயது வரம்பும் செய்ததற்கான காரணமும் போதும்.

கடைசியாகத் தேதி. செயல்முறை நடந்த நாள், கையெழுத்திட்ட நாள் இரண்டுக்கும் தனிக் கட்டங்கள் வையுங்கள். கையெழுத்து, நேரில் பார்த்தவருடையதாக இருக்க வேண்டும். போஸ்டிங் முடியும் நாளில் மொத்தமாக வாங்கிய பக்கத்தில் இரண்டாவது கட்டம் முழுக்க ஒரே தேதி இருக்கும். அப்படிப்பட்ட பக்கத்தில் உள்ள மேற்பார்வை எண்களை நம்பி, ஒரு மாணவரைத் தனியாகச் செய்ய அனுமதிக்கக் கூடாது. பார்த்தவருக்கே அந்த நிகழ்வு அதற்குள் மறந்திருக்கும்.