செந்தூல் மண்டபத்தில் கேப்ஷன் ஓட்டிய கதை

மண்டபக்காரர் "வைஃபை இருக்கு தம்பி, பிரச்சினையே இல்லை" என்று சொன்னால் நம்பாதீர்கள். இருந்தது உண்மைதான். ஆனால் அரைமணிக்கு ஒருமுறை உள்நுழைவுப் பக்கம் வந்து கடவுச்சொல் கேட்கும் வைஃபை அது. பேச்சாளர் பாதி வாக்கியத்தில் இருக்கும்போது திரையில் வரி நின்றுபோனால், காரணம் இப்படி ஏதாவது ஒரு அற்ப விஷயமாகத்தான் இருக்கும்.

கோலாலம்பூரின் செந்தூலில், ஜாலான் ஈப்போவை ஒட்டிய ஒரு மண்டபத்தில், ஊழியர் சேமநிதி பற்றி எங்கள் சங்கம் ஒரு விளக்கக் கூட்டம் வைத்தது. காது சரியாகக் கேட்காத உறுப்பினர்கள் கணிசமாக உண்டு. பெரும்பாலோர் வயதான பிறகு கேட்கும் திறன் குறைந்தவர்கள். சைகை மொழி தெரியாது, தமிழ் நன்றாக வாசிப்பார்கள். அதனால் பேச்சை உடனுக்குடன் எழுத்தாக்கித் திரையில் ஓட்டும் வேலை என் தலையில் விழுந்தது. பேச்சறிதல் சேவையில் கணக்குத் திறப்பது, மொழியை மலேசியத் தமிழுக்கான ta-MY என்று வைப்பது, கீழே இரண்டு வரி தெரியும்படி பக்கத்தை அமைப்பது எல்லாம் ஒரே மாலையில் முடிந்துவிட்டது. படுத்தியது வேறு.

முதலில் ஒலி. ஒலிபெருக்கி போடும் அண்ணன் நல்ல மனிதர், ஆனால் மிக்சர் பக்கம் யாரையும் அண்ட விடமாட்டார். "ஸ்பீக்கர் பக்கத்தில் உன் மைக்கை வை தம்பி, நல்லா கேட்கும்" என்றார். மனிதக் காதுக்கு நன்றாகத்தான் கேட்கும். ஓடு போட்ட தரையும் வெறும் சுவரும் உள்ள மண்டபத்தில் எதிரொலியோடு சேர்ந்து வரும் பேச்சை வைத்துக்கொண்டு எந்தச் சேவையும் திணறும். கெஞ்சிக் கூத்தாடி மிக்சரிலிருந்து ஆக்ஸ் வெளியீடு வாங்கினேன். அதைப் ப்ரீ-ஃபேடராக, அதாவது அவர் மண்டபச் சத்தத்தை ஏற்றி இறக்கினாலும் மாறாதபடி, வைக்கச் சொல்லுங்கள். இல்லையென்றால் 'ஊய்' என்று ஊளையிடும்போதெல்லாம் அவர் சத்தத்தைக் குறைப்பார், உங்கள் எழுத்தும் கூடவே படுத்துவிடும். அந்த வயரை நேராக மடிக்கணினியின் ஹெட்செட் துளையில் செருகவும் கூடாது. அது மைக்குக்கான துளை, மிக்சர் தரும் சமிக்ஞை அதைவிடப் பல மடங்கு வலுவானது, எல்லாம் கரகரத்துப் போகும். நடுவில் ஒரு யூஎஸ்பி ஆடியோ பெட்டி வேண்டும்.

அடுத்தது தாமதம், இந்தப் பதிவுக்குக் காரணமே அதுதான். ஒத்திகையின்போது பார்த்தால், சொன்னது திரைக்கு வர ஒரு யுகம் ஆகிறது. சரியாக எவ்வளவு என்று தெரிய ஒரு எளிய வழி இருக்கிறது. பேசுபவரின் வாயும் திரையும் ஒரே சட்டத்தில் தெரியும்படி கைப்பேசியில் காணொளி எடுங்கள். பிறகு ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு, வாயிலிருந்து வந்த நொடிக்கும் திரையில் தோன்றிய நொடிக்கும் உள்ள இடைவெளியைப் பாருங்கள். எங்களுக்கு ஆறு வினாடிக்கு மேல் வந்தது. சேவைதான் மெதுவென்று எல்லோரும் அதைத் திட்டினோம். ஆனால் மடிக்கணினித் திரையில் எழுத்து வந்து சுமார் ஒரு வினாடி கழித்துத்தான் மண்டபத் திரையில் வருகிறது என்பது அதே காணொளியில் தெரிந்தது. மண்டபத்தின் ப்ரொஜெக்டருக்கு வயர் கிடையாது, கம்பியில்லாமல் அனுப்பும் ஒரு சின்னக் கருவி. "எச்டிஎம்ஐ வயர் எங்கே" என்று கேட்டால், கூரைக்குள் போகும் வயர் பழுதாம், போன வருடமே சொல்லிவிட்டார்களாம். நீளமான வயர் ஒன்றை வாங்கி, மேசை மேல் வாடகைக்கு வேறு ப்ரொஜெக்டர் வைத்து முடித்தோம். அந்த ஒரு வினாடி அப்படியே போயிற்று.

மீதித் தாமதம் சேவை வேலை செய்யும் விதத்தில் இருக்கிறது. பேசப் பேச அது தற்காலிக ஊகங்களை அனுப்பிக்கொண்டே இருக்கும். ஒவ்வொரு ஊகத்திலும் பழைய சொற்களை மாற்றலாம். பேசுபவர் நிறுத்தினார் என்று தோன்றினால் மட்டுமே `is_final` என்று குறித்து முடிவான வாக்கியம் வரும். முடிவானதை மட்டும் காட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தோம். ஆனால் எங்கள் பேச்சாளர் ஐயா, ஓய்வு பெற்ற வங்கி அதிகாரி, மூச்சு விடாமல் பேசுபவர். "அதாவது", "அப்படி இருக்கும்போது" என்று வாக்கியத்தை வாக்கியத்தோடு கோத்துக்கொண்டே போவார். திரை பத்துப் பதினைந்து வினாடி வெறுமையாகக் கிடக்கும், பிறகு ஒரு பத்தி மொத்தமாகக் கொட்டும். பாதியைப் படிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும்.

சரி, ஊகங்களை வந்தவுடனே காட்டலாம் என்று மாற்றினோம். தாமதம் ஒரு வினாடி அளவுக்குக் குறைந்தது, ஆனால் கூடவே வேறொரு ஆபத்து வந்தது. ஐயா ஒத்திகையில் சொன்னது இது: "பெர்சாராஆன் கணக்கிலிருந்து 55 வயதுக்கு முன் பணத்தை எடுக்க முடியாது." திரையில் வந்த வரிசையோ, "பணத்தை எடுக்க", அடுத்து "எடுக்க முடியும்", அப்புறம்தான் "எடுக்க முடியாது". நடுவில் அந்த "முடியும்" ஒரு கணம் நின்றது. தமிழில் ஆமாவும் இல்லையும் வாக்கியத்தின் வாலில்தான் இருக்கிறது. மேலே பார்த்துவிட்டுக் கீழே குறிப்பெழுதும் ஒருவர் தவறான பாதியை எழுதிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவார். எண்களிலும் இதே கதை. "எழுபத்தைந்து விழுக்காடு" என்று அவர் சொல்லி முடிப்பதற்குள் "எழுபது" வந்து நின்றுவிட்டுப் பிறகு மாறுகிறது. 2024 மே 11 முதல் 55 வயதுக்குட்பட்டவர்களின் சந்தா பெர்சாராஆன் 75, செஜாத்ரா 15, ஃபிலெக்சிபல் 10 விழுக்காடு என்று மூன்று கணக்குகளாகப் பிரிகிறது. கூட்டமே இதை விளக்கத்தான். அதில் எண் ஆடினால் கேப்ஷன் இல்லாமலிருப்பதே மேல்.

கடைசியில் இரண்டுக்கும் நடுவே ஒரு வழி பிடித்தோம். வரும் ஊகத்தில் கடைசி இரண்டு சொற்களைக் காட்டாமல் பிடித்து வைப்பது. மற்ற சொற்களிலும், தொடர்ந்து மூன்று ஊகங்களில் மாறாமல் இருந்ததை மட்டும் திரைக்கு விடுவது. புது ஊகம் எதுவும் முக்கால் வினாடி வராவிட்டால், பிடித்து வைத்ததையும் விட்டுவிடுவது. இரண்டு சொல் என்று வைத்ததற்குக் காரணம், "எடுக்க முடியாது", "வாங்க வேண்டியதில்லை" போன்றவற்றில் வினையும் துணைவினையும் சேர்ந்து இரண்டு சொல். திரைக்குப் போன சொல்லைப் பிறகு திருத்துவதே இல்லை என்றும் முடிவு செய்தோம். எழுத்து துள்ளினால் கண் களைத்துவிடும். முக்கியமான எண் தவறாக வந்தால், விசைப்பலகையில் உட்கார்ந்திருந்த தங்கை அடுத்த வரியில் "திருத்தம்: 15" என்று போடுவாள். தாமதம் மூன்று, நான்கு வினாடியில் நிலைத்தது. ஒரு வினாடியை விட இது அதிகம்தான். ஆனால் வந்தது நின்றது, அதனால் யாரும் குறை சொல்லவில்லை.

மலாய்ச் சொற்களைச் சொல்லாமல் விட மனமில்லை. "அக்காவுன் பெர்சாராஆன்" முதல் ஒத்திகையில் "பெரிய சாராயம்" என்று வந்தது. "பெரிய சாராயத்தில் 75 விழுக்காடு" என்று திரையில் பார்த்ததும் செயலாளர் அக்கா நாற்காலியில் உட்கார முடியாமல் சிரித்தார். செஜாத்ரா சிவராத்திரியானது. இதற்குச் சொற்பட்டியல் கொடுக்கும் வசதி சேவையிலேயே இருக்கிறது, கொடுத்தால் அந்தச் சொற்கள் பக்கம் சாயும். ஆனால் அள்ளிப் போடாதீர்கள், எவ்வளவு சாய வேண்டும் என்று சொல்லும் எடையையும் ஏற்றாதீர்கள். நூறு சொல் போட்டுப் பார்த்தோம், ஐயா சும்மா "பெரிய" என்று சொன்னாலே பெர்சாராஆன் குதித்து வந்தது. அவருடைய ஸ்லைடுகளிலிருந்து இருபது சொல் மட்டும் எடுத்துக் கொடுத்ததும் சரியானது. ஸ்லைடுகளை அவரிடமிருந்து வாங்குவதுதான் பெரும்பாடு. கூட்டத்துக்கு முதல்நாள் இரவுதான் வாட்ஸ்அப்பில் வந்தது.

இன்னொரு பொறி. நாங்கள் எடுத்த சேவையில் ஒரு இணைப்பு ஏறக்குறைய ஐந்து நிமிடம்தான் தாங்கும், பிறகு அறுத்துவிடும். நான்கு நிமிடம் தாண்டியதும் ஐயா மூச்சு வாங்கும் இடம் பார்த்துப் புது இணைப்பைத் திறந்து, கடைசி இரண்டு வினாடி ஒலியை மறுபடியும் அதற்கு அனுப்ப வேண்டும். இல்லையென்றால் நடுவில் ஒரு சொல் காணாமல் போகும். போகும் சொல் எதுவாக இருக்கும் என்று சொல்லவே வேண்டாம்.

எவ்வளவு குறைத்தாலும் மிச்சமிருக்கும் மூன்று வினாடியை ஆட்கள்தான் சமாளிக்க வேண்டும். ஐயாவிடம் "ஒரு கேள்வி கேட்டால் கொஞ்சம் நிறுத்துங்கள், சிரிப்பு வந்தாலும் நிறுத்துங்கள்" என்றேன். "நான் முப்பது வருஷமா மேடையில் பேசுறேன் தம்பி" என்றார். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அதனால் ஸ்லைடு மாற்றும் பையனைப் பிடித்தேன். ஐயா "அடுத்தது" என்றாலும், கேப்ஷன் அந்த வரியை முடிக்கும்வரை பழைய ஸ்லைடை விடாதே என்று சொல்லி வைத்தேன். அவன் அப்படியே செய்தான். "இந்தப் பட்டியலைப் பாருங்கள்" என்று எழுத்து வரும்போது, பார்க்க வேண்டிய பட்டியல் இன்னும் அங்கேயே இருந்தது. ஐயாவுக்கு முதலில் எரிச்சல்தான். பிறகு ஸ்லைடு மாறும்வரை தானாகவே நின்றார். நான் கேட்டபோது கொடுக்காத இடைவெளியை அந்தப் பையன் வாங்கிக் கொடுத்துவிட்டான்.

கேள்வி நேரத்தில் மைக் இல்லாமல் யாரும் பேசக்கூடாது என்று அறிவித்தோம். பாதிப் பேர் கேட்கவில்லை. முன்வரிசை மாமா ஒருவர் இருந்த இடத்திலிருந்தே சத்தமாகக் கேட்டார், மண்டபம் முழுக்கக் கேட்டது, திரையில் ஒரு எழுத்தும் இல்லை. நெறியாளர் அக்கா ஒவ்வொரு கேள்வியையும் மைக்கில் திரும்பச் சொல்ல ஆரம்பித்த பிறகுதான் சீரானது. பதில் முடிந்தவுடன் அடுத்த கையைக் காட்டாமல், திரையில் கடைசி வரி வந்து நின்ற பிறகு காட்டினார். அதனால்தான் காது கேட்காத ஒரு அத்தைக்கும் கை தூக்க நேரம் கிடைத்தது. ஃபிலெக்சிபலிலிருந்து குறைந்தது எவ்வளவு எடுக்க வேண்டும் என்று கேட்டார். 50 வெள்ளி என்று ஐயா சொன்னார், திரையிலும் 50 என்றே வந்தது.

கூட்டம் முடிந்த கையோடு தலைவர், "அந்த எழுத்தை அப்படியே குரூப்பில் போட்டுவிடு தம்பி" என்றார். நான் போடவில்லை. ஒலிப்பதிவோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, தங்கை தவறவிட்ட "பதினைந்து" ஒன்று "ஐந்து" என்று கிடந்தது, ஒரு "முடியாது" தலைகீழாக நின்றது. இரண்டையும் திருத்தி, நேரக் குறிப்புகளை எடுத்துவிட்டு, புதன்கிழமை அனுப்பினேன். ஏன் இவ்வளவு தாமதம் என்று குரூப்பில் கேட்டிருக்கிறார்கள், இன்னும் பதில் போடவில்லை.