ஒரே வருத்தம் ரெண்டு தரம் வருமோ?

"முந்தியும் இப்பிடித்தான் வந்தது டொக்டர். ஒரே வருத்தம் ரெண்டு தரம் வருமோ?"

"சில பேருக்கு வரும் அம்மா. நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ."

அவ்வளவுதான் பேச்சு. அரை நிமிடம்கூட இருக்காது. அந்தத் தாய் கட்டிலின் தலைமாட்டில் நின்று கேட்டார், நான் நோயாளியின் அட்டையில் மருந்து எழுதிக்கொண்டே பதில் சொன்னேன். வருடங்கள் போய்விட்டன, ஆனாலும் காய்ச்சலோடு ஒரு பொடியன் வாட்டுக்கு வந்தால் இந்தப் பேச்சுத்தான் முதலில் காதில் விழுகிறது. (ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

பொடியனுக்கு அப்போது 17 வயது. கழுத்து விறைப்பு, வாந்தி, காலில் அழுத்தினாலும் மறையாத சிவப்புப் புள்ளிகள். முதுகில் எடுத்த தண்ணி கலங்கலாக வந்தது. நுணுக்குக்காட்டியில் வெள்ளணுக்களுக்குள் சோடி சோடியாக, இரண்டு கோப்பிக் கொட்டைகளை முகம் பார்க்க வைத்தது போல, சிவப்பு நிறமேறிய கிருமிகள். மெனிங்கோகொக்கஸ், மூளையைச் சுற்றியுள்ள சவ்வைத் தாக்கும் கிருமி. செஃப்ட்ரியாக்சோன் 2 கிராம், 12 மணித்தியாலத்துக்கு ஒரு தடவை. மூன்றாம் நாள் எழும்பி இருந்து இடியப்பம் கேட்டான். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோசம் பெரிது, அந்தச் சந்தோசம்தான் என் கண்ணை மறைத்தது என்று இப்போது நினைக்கிறேன்.

ஏனென்றால் அவன் அவ்வளவு கெதியாகச் சுகமானதே ஒரு தடயம்.

எங்கள் இரத்தத்தில் நிரப்புப் புரதங்கள் என்று ஒரு கூட்டம் இருக்கிறது. கிருமி வந்தவுடன் ஒன்றை ஒன்று தட்டியெழுப்பும். நடுவில் நிற்கும் சி3 கிருமியின் மேல் ஒட்டி, வெள்ளணுக்கள் அதைப் பிடித்து விழுங்க உதவும். கடைசியில் வருபவை சி5 முதல் சி9 வரை. சி5 வெட்டுப்பட்டு, அதோடு சி6, சி7, சி8 சேர்ந்து கிருமியின் வெளிச்சவ்வில் இறங்கும். பிறகு சி9 துண்டுகள் பல, 18 வரைகூட, வட்டமாகக் கூடி ஒரு குழாய் போல நின்று சவ்வில் ஓட்டை போடும். கிருமி அந்த ஓட்டையாலேயே செத்துப்போகும். இந்த ஐந்தில் சி5 முதல் சி8 வரை எது பிறப்பிலேயே இல்லாவிட்டாலும் ஓட்டை விழாது. சி9 மட்டும் இல்லாவிட்டால் சிறிய, வலுக்குறைந்த ஓட்டை விழும், அதனால் ஆபத்தும் குறைவு.

சரி, ஓட்டை விழாதவனுக்கு எல்லாக் கிருமியும் அல்லவா வரவேண்டும்? வராது. நியூமோகொக்கஸ் போன்றவற்றுக்குச் சுவர் தடிப்பு, அந்த ஓட்டை அவற்றை முன்பும் கொன்றதில்லை. அவற்றை விழுங்கிக் கொல்லும் வேலைக்கு சி3 போதும், அது இவனிடம் இருக்கிறது. மெனிங்கோகொக்கஸ் வேறு சாதி. மேலுறையை வைத்துக்கொண்டு விழுங்குபவற்றிடமிருந்து தப்பப் பார்க்கும், இரத்தத்தில் அதை நம்பிக்கையாகக் கொல்வது அந்த ஓட்டைதான். பத்துப் பேரில் ஒருவர் அளவில் தொண்டையில் இந்தக் கிருமியைச் சுமந்துகொண்டு ஒரு வருத்தமும் இல்லாமல் திரிகிறார்கள். இவனுக்கு அது தொண்டையைத் தாண்டினால் இரத்தத்தில் மறிக்க ஆளில்லை. அதனால் மற்ற வருத்தம் ஒன்றுமில்லாமல் திடகாத்திரமாக வளர்ந்து, பதின்வயதில் இந்த ஒரு கிருமியால் மட்டும் திரும்பத் திரும்ப விழுகிறார்கள். ஆபத்து மற்றவர்களைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் என்று கணித்திருக்கிறார்கள். ஆனால் சாவு இவர்களிடம் குறைவு. கிருமி உடைந்து சிதறாததால் அதன் நச்சு ஒரேயடியாக இரத்தத்தில் கொட்டுவதில்லை, அதனால் இருக்கலாம் என்று ஒரு விளக்கம் சொல்வார்கள்.

இதெல்லாம் எனக்குப் படிப்பில் வந்தவை. பரீட்சையில் எழுதியும் இருக்கிறேன்: மெனிங்கோகொக்கஸ் இரண்டாம் தரம் வந்தால் நிரப்புப் புரதத்தைப் பார். எழுதத் தெரிந்தவனுக்கு அந்தத் தாய் அதையே கேள்வியாகக் கேட்டபோது விளங்கவில்லை.

என் பக்கமும் நியாயம் இருக்கிறது. முதல் தரம் வந்தது இடம்பெயர்ந்து திரிந்த காலத்தில். டயக்னோசிஸ் காட் தொலைந்துவிட்டது. "மூளைக்காய்ச்சல்" என்று மட்டும் தாய்க்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் கடும் காய்ச்சலோடு வலிப்பு வந்தாலே மூளைக்காய்ச்சல் என்பார்கள், அது என்ன கிருமி என்று யாருக்குத் தெரியும்? ஆனால் அப்படி எனக்குச் சந்தேகம் இருந்திருந்தால் கேட்டிருக்கலாமே. உடம்பில் புள்ளி வந்ததா, ஊசி எத்தனை நாள் போட்டார்கள், முதுகில் தண்ணி எடுத்தார்களா. இரண்டு நிமிடம். நான் கேட்கவில்லை. காகிதம் இல்லாத வருத்தத்தை வருத்தமாக எண்ணவில்லை, வன்னியில் காகிதம் மிஞ்சிய வீடு எத்தனை என்று தெரிந்திருந்தும்.

பதினாலு மாதம் கழித்து மூன்றாம் தரம் வந்தான். எங்கள் பெரிய டொக்டர் தாயிடம் அதே மூன்று கேள்வியையும் கேட்டார், பிறகு என் பக்கம் திரும்பி "சிஎச்50 அனுப்பினீங்களோ?" என்றார்.

அது நிரப்புப் புரதச் சங்கிலியைப் பார்க்கும் எளிய பரிசோதனை. பிறபொருளெதிரி பூசிய செம்மறியாட்டுச் செங்குருதிக் கலங்களோடு நோயாளியின் சீரத்தைச் சேர்ப்பார்கள். சங்கிலி முழுதாக இருந்தால் கலங்கள் வெடிக்கும், சி9 தவிர வேறு ஒரு கண்ணி இல்லாவிட்டாலும் வெடிக்காது. எங்களுக்குப் பூச்சியம் வந்தது, சி3, சி4 இரண்டும் சரியான அளவில். ஆனால் ஆய்வுகூடத்திலிருந்து ஒருவர் கோல் எடுத்து "சாம்பிள் ஐஸிலயா வந்தது?" என்று கேட்டார். இந்தப் புரதங்கள் சூட்டில் செயலிழந்துவிடும். ஏ9 வீதியில் வெயிலில் போன சீரமும் பூச்சியம் காட்டும். போதாததற்கு வருத்தம் உச்சத்தில் இருக்கும்போது புரதங்கள் செலவழிந்தும் குறையும். ஆறு கிழமை பொறுத்து, இரத்தம் எடுத்த உடனேயே சீரத்தைப் பிரித்து உறையவைத்து, உலர்பனியில் கட்டி அனுப்பினோம். திரும்பவும் பூச்சியம். இந்தச் சங்கிலி வேறு வழியாலும் தொடங்கும், அந்த மற்ற வழியைப் பார்க்கும் பரிசோதனையும் பூச்சியம். இரண்டு வழிக்கும் பொதுவானது கடைசிப் பகுதி, ஆக அங்கேதான் ஒன்று இல்லை. சி5 முதல் சி8 வரை எது என்று தெரிந்தாலும் மருத்துவம் மாறப்போவதில்லை.

மூன்றாம் தரத்தில் இடக்காது போய்விட்டது.

முதலே கண்டுபிடித்திருந்தால் தடுப்பூசி போட்டிருக்கலாம். எங்கள் அரச அட்டவணையில் இல்லாத ஊசி, ஹஜ் போகிறவர்கள் போடுவதுதான், நான்கு பிரிவுக்கு ஒன்று, பி பிரிவுக்கு வேறு. ஓட்டை போட முடியாதவனுக்கு ஊசியால் என்ன பயன் என்று தோன்றும். பிறபொருளெதிரி கூடினால் விழுங்கும் வெள்ளணுக்கள் கூடுதலாக வேலை செய்யும், அது ஓரளவு ஈடுகட்டும். ஓரளவுதான், அதனால்தான் நான்கு பிரிவு ஊசியை ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை திரும்பப் போடுகிறோம், காய்ச்சல் என்றால் உடனே கொண்டுவரச் சொல்லி ஒரு கடிதமும் எழுதிக் கொடுத்திருக்கிறோம். போட்டிருந்தால் காது தப்பியிருக்குமா? தப்பியிருக்கும் என்று சில இரவுகளில் நினைக்கிறேன். போட்டும் வந்திருக்கலாம் என்று நினைக்கிற இரவுகளில் நித்திரை வருகிறது.

தாயும் தகப்பனும் மச்சாள் மச்சான். இரண்டு பேரிடமிருந்தும் ஒரே குறை வந்து சேர்ந்தால்தான் இது வெளிப்படும், கூடப்பிறந்த ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு வாய்ப்பு. தங்கச்சிக்கும் பார்த்தோம். அவளுக்கும் பூச்சியம். ஒரு நாளும் பெரிய காய்ச்சல் வந்ததில்லை அவளுக்கு, ஓட்டப்போட்டியில் பரிசு எடுக்கிறவள். இந்தக் குறை உள்ளவர்களில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு வாழ்நாளில் வருவதேயில்லை.

கிளினிக்கில் தாய் அவளைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு கேட்டார்: "இவளுக்கும் வருமோ டொக்டர்?"

பேனையைக் கீழே வைத்துவிட்டு, கதிரையை இழுத்துப் போட்டு, முகத்தைப் பார்த்துத்தான் இந்தத் தரம் பேசினேன். நிரப்புப் புரதம், ஊசி, கடிதம் எல்லாம் சொன்னேன். கடைசியில் என் வாயில் வந்தது என்னவோ, "சில பேருக்கு வரும் அம்மா, சில பேருக்கு வராது."