மொபைல் டேட்டாவில் திறக்கும், வீட்டு வைஃபையில் திறக்காது: ஒன்பது நாள் அலைச்சல்

அண்ணன் குத்துவிளக்கு வியாபாரம் செய்கிறார். கடைக்கான இணையதளத்தைப் பார்த்துக்கொள்வது நான். ஒரு வியாழக்கிழமை சாயங்காலம் புதுப் படங்களை ஏற்ற உட்கார்ந்தால், தளம் சுற்றிக்கொண்டே இருந்தது. அண்ணனுக்குப் போன் போட்டேன். “இங்க நல்லாத்தானே தம்பி திறக்குது” என்றார். என் போனில் வைஃபையை அணைத்துவிட்டுப் பார்த்தேன். உடனே திறந்தது. வைஃபையைப் போட்டதும் மறுபடி சுற்றல். வேறு எந்தத் தளத்துக்கும் இந்தக் கோளாறு இல்லை.

ஒரு மணி நேரம் கழித்துத் தானாகவே திறந்தது. சரி, ஏதோ நெட் கோளாறு என்று விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலமும் அதே கதை.

இதற்கு எல்லோரும் சொல்லும் வைத்தியம், தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரை மாற்று என்பதுதான். சனிக்கிழமை காலை ரௌட்டரில் 1.1.1.1 என்ற பொது டிஎன்எஸ்ஸைப் போட்டேன். அன்று முழுக்கத் தளம் அருமையாகத் திறந்தது. ஞாயிறும் அப்படியே. நண்பர்கள் குழுவில் ‘டிஎன்எஸ்தான் பிரச்சினை, தீர்த்துவிட்டேன்’ என்று பெருமையாகப் போட்டேன். திங்கள் சாயங்காலம் மறுபடி சுற்ற ஆரம்பித்தது. குழுவில் யாரிடமும் சொல்லவில்லை.

முதலிலேயே செய்திருக்க வேண்டியதை அன்று இரவுதான் செய்தேன். ஒரே பெயரை மூன்று டிஎன்எஸ் சர்வர்களிடம் கேட்டு, பதில்களை ஒப்பிட்டேன். (தளத்தின் பெயரையும் எண்களையும் இங்கே மாற்றியிருக்கிறேன்.) முதல் கேள்வி ரௌட்டரிடம் போகும், இரண்டாவதும் மூன்றாவதும் வெளியே. நெட் கம்பெனியின் சொந்த சர்வர் எண்ணை ரௌட்டர் பக்கத்தில் பார்த்து, அதையும் இதே மாதிரி கேட்டேன்.

```
nslookup example.com
nslookup example.com 1.1.1.1
nslookup example.com 8.8.8.8
```

எல்லாம் ஒரே பதில்: 203.0.113.25. டிஎன்எஸ்ஸில் தடை வைத்திருந்தால் நெட் கம்பெனியின் பதில் மட்டும் தனியாக நிற்கும். 0.0.0.0 என்றோ, 127.0.0.1 என்றோ, அந்தக் கம்பெனிக்கே சொந்தமான ஏதோ ஓர் எண்ணாகவோ வரலாம். தளம் சமீபத்தில் சர்வர் மாறியிருந்தால் பழைய எண் வரலாம். ஆனால் பெரிய தளங்களுக்கு இந்தச் சோதனையை அப்படியே நம்பக் கூடாது. உலகம் முழுக்க சர்வர் வைத்திருப்பவர்கள் ஆளுக்கு ஓர் எண் தருவது வழக்கம்தான். எங்களுடையது ஒரே சர்வரில் இருக்கும் சின்னத் தளம், அதனால் குழப்பமில்லை.

எனக்கு இன்னும் சந்தேகம் தீரவில்லை. சில நெட் கம்பெனிகள் 8.8.8.8-க்குப் போகும் கேள்வியை நடுவழியில் மறித்து, தாங்களே பதில் சொல்லிவிடுவதுண்டு. பிரௌசரில் பாதுகாப்பான டிஎன்எஸ் அமைப்பைப் போட்டால் கேள்வி பூட்டிய உறையில் போகும், நடுவில் பிரித்துத் தாங்களே பதில் சொல்ல முடியாது. போட்டுப் பார்த்தேன். அதிலும் திறக்கவில்லை. பிறகு, சர்வரோடு நேரடியாக இணைந்து பார்க்கும் இந்தக் கட்டளை:

```
curl -v https://example.com
*   Trying 203.0.113.25:443...
```

அதோடு நின்றது. கொஞ்ச நேரம் கழித்து டைம் அவுட். இந்த வரிதான் திருப்பம். பெயர் எண்ணாக மாறிவிட்டது, எண்ணும் சரி. டிஎன்எஸ்ஸின் வேலை அங்கேயே முடிந்தது. கதவைத் தட்டுகிறோம், உள்ளேயிருந்து சத்தமே இல்லை. அதே லேப்டாப்பைப் போன் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து அதே கட்டளையைக் கொடுத்தேன். எண்ணும் அதேதான், ஆனால் இந்த முறை பக்கம் வந்து விழுந்தது. ஆக, ஒன்று வழியில் மறிக்கிறார்கள், இல்லையென்றால் அந்த சர்வருக்கு என் வீட்டு ஐபி முகவரி ஆகவில்லை.

செவ்வாய்க்கிழமை பள்ளி விடுமுறை, வீட்டில் ஒரே கூச்சல். அதற்கு நடுவில் நெட் கம்பெனிக்கு நான்கு முறை போன் செய்தேன். நான்கு முறையும் “ரௌட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்”. புதனன்று ஒரு தம்பி வந்து ஸ்பீடு டெஸ்ட் போட்டார், ஒரு வீடியோ ஓட்டிக் காட்டினார். “நெட் நல்லா வருதே சார், அந்த ஓடிபி சொல்லுங்க” என்றார். சொல்லிவிட்டேன். புகாரை மூடுவதற்கான ஓடிபி அது என்பது ‘தீர்க்கப்பட்டது’ என்று மெசேஜ் வந்த பிறகுதான் உறைத்தது. நீங்கள் சொல்லிவிடாதீர்கள். அந்தச் செவ்வாய்க்கிழமையிலிருந்தே தளம் விட்டுவிட்டுக்கூடத் திறக்கவில்லை, மொத்தமாக நின்றுவிட்டது.

வியாழனன்று ஹோஸ்டிங் கம்பெனிக்கு எழுதினேன். ‘எங்களுக்குத் திறக்கிறது, கேஷை அழியுங்கள்’ என்று பதில். என் ஐபி உங்கள் ஃபயர்வாலில் தடைபட்டிருக்கிறதா என்று கேட்டு, ரௌட்டர் பக்கத்தில் WAN IP என்று இருந்த 100.72-இல் தொடங்கும் எண்ணைக் கொடுத்தேன். ‘இது எங்கள் தடைப் பட்டியலில் இல்லை’ என்றார்கள். ஒரு நாள் போயிற்று, தப்பு முழுக்க என்னுடையது. 100.64 முதல் 100.127 வரை தொடங்கும் எண்கள் நெட் கம்பெனியின் உள்வட்ட எண்கள். சிஜிநாட் என்பார்கள். பல வீடுகளைச் சேர்த்து ஒரே பொது எண்ணில் வெளியே அனுப்புகிறார்கள். வெளியுலகுக்குத் தெரிவது அந்தப் பொது எண் மட்டுமே. அதைப் பார்க்க:

```
curl -4 ifconfig.me
```

வந்த எண்ணை, குப்பை மெயில் தொடர்பான எண்களைப் பட்டியலிடும் ஸ்பாம்ஹவுஸ் தளத்தில் போட்டதும் பட்டியலில் இருப்பதாகக் காட்டி வயிற்றைக் கலக்கியது. நிதானமாகப் படித்தால் அது PBL. வீட்டு இணைப்பிலிருந்து நேரடியாக மெயில் சர்வர் நடத்தக் கூடாது என்பதற்கான பட்டியல். வீட்டு எண்கள் அதில் இருப்பது சாதாரணம், தளம் திறக்காததற்கும் அதற்கும் தொடர்பில்லை.

வெள்ளி காலை சரியான எண், முயன்ற நேரம், curl பதில் மூன்றையும் அனுப்பினேன். இருபதே நிமிடத்தில் அவர்கள் பதிவேட்டு வரியோடு பதில் வந்தது:

```
lfd: (imapd) Failed IMAP login from 198.51.100.77 (IN/India/-): 10 in the last 3600 secs
```

ஒரு மணி நேரத்துக்குள் பத்து முறை தப்பான மெயில் பாஸ்வேர்டு, அதனால் ஒரு மணி நேரத் தடை. ஒரே நாளில் நான்கு முறை இப்படி நடந்தால் நிரந்தரத் தடை. பொது எண் ஆயிற்றே, பக்கத்து வீட்டுக்காரர் வேலையாக இருக்குமோ என்று ஒரு நப்பாசை. முயன்ற மெயில் முகவரியையும் அனுப்பியிருந்தார்கள். எங்கள் ஆர்டர் மெயில்தான். கடையில் ஒரு பையன் வேலையை விட்டதால், முதல் வாரப் புதன்கிழமை அதன் பாஸ்வேர்டை மாற்றியிருந்தேன்.

தடையை எடுத்தார்கள், தளம் திறந்தது. என் போன், லேப்டாப் இரண்டிலும் புதுப் பாஸ்வேர்டுதான் இருந்தது. ஐம்பது நிமிடத்தில் மறுபடி தடை. பதிவேட்டின் நேரங்களைக் கேட்டு வாங்கினேன். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, கடிகாரம் மாதிரி. பத்து முறைக்கு ஐம்பது நிமிடம். மனுஷன் கை அப்படி அடிக்காது, ஏதோ ஒரு ஆப் தானாக மெயில் பார்க்கிறது.

அப்போதுதான் கூடத்து மூலையில் அணைக்காமலே சார்ஜில் கிடந்த பழைய டேப்லெட் கண்ணில் பட்டது. பாப்பா கார்ட்டூன் பார்ப்பது. ஆர்டர் தவறக் கூடாதென்று எப்போதோ அதில் மெயிலை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை பார்க்கும்படி நானே வைத்திருந்தேன். பள்ளி விட்டு வந்து அவள் அதை ஆன் செய்வதால் சாயங்காலத் தடை. விடுமுறை நாளில் நாள் முழுக்க ஓடியதால் நிரந்தரத் தடை. அந்தச் சனி, ஞாயிறு அவள் பாட்டி வீட்டுக்கு டேப்லெட்டோடு போயிருந்தாள். அங்கே வைஃபை கிடையாது. 1.1.1.1 செய்த மாயம் அவ்வளவுதான்.

கணக்கை நீக்கிவிட்டு மறுபடி தடையை எடுக்கச் சொன்னேன். என் எண்ணை எப்போதும் அனுமதிக்கும் பட்டியலில் சேர்க்கக் கேட்டதற்கு மறுத்துவிட்டார்கள். பல வீட்டார் பகிரும் எண்ணாம், நியாயம்தான். ரௌட்டரில் 1.1.1.1 இன்னும் அப்படியேதான் இருக்கிறது, திரும்ப மாற்றச் சோம்பல்.