ஹோம் லோன் எலிஜிபிலிட்டி ஷீட்ல சொசைட்டி லோனை ரெண்டு தடவ கழிச்சுட்டாங்க

25 லட்சம் ஹோம் லோன் கேட்டேன், 19 லட்சம்தான் வரும்னு சொல்லிட்டாங்க. பில்டருக்கு அட்வான்ஸ் குடுத்தாச்சு, அக்ரிமெண்டும் போட்டாச்சு, இப்ப போய் 6 லட்சம் குறையுதுன்னா நான் யார்கிட்ட போய் நிக்கிறது. ஏன் சார்னு கேட்டா "ஃபாயர் இடிக்குது சார், சிஸ்டம் எடுக்குறதுதான்"னு ஒரே பதில். ஃபாயர்ங்கறது சம்பளத்துல எத்தனை சதவீதம் கடனுக்கு போகுதுங்கற கணக்கு. குறையுறதுக்கு பர்சனல் லோன் போட்டுக்கோங்கன்னு ஐடியா வேற! அந்த இஎம்ஐயும் அதே கணக்குல ஏறி இருக்கிற 19-லயும் கை வைக்கும்னு லோன் டெஸ்க்ல உக்காந்திருக்கிறவருக்கு தெரியாதா என்ன.

ஒர்க்‌ஷீட்டை குடுங்கன்னு கேட்டா "இன்டர்னல் சார்"னு இழுத்தாரு. பிரிண்ட் வேணாம், ஸ்க்ரீனையாவது காட்டுங்கன்னு விடாம நின்னதும் மானிட்டரை திருப்பினாரு. பெரிய சிஸ்டம்லாம் ஒண்ணும் இல்ல, எக்ஸல் ஷீட்தான்.

```
=B4*50%-SUM(B6:B8)
```

B4-ல சம்பளம், B6-லேர்ந்து B8 வரைக்கும் ஏற்கனவே கட்டுற இஎம்ஐங்க. அதாவது சம்பளத்துல பாதிக்கு மேல எல்லா கடனும் சேர்ந்து போகக்கூடாது, அந்த பாதியில பழைய கடனை கழிச்சா மிச்சம்தான் புது லோனுக்கு அனுமதிக்கிற இஎம்ஐ. 50 சதவீதம்ங்கறது எனக்கு போட்டது, பேங்குக்கு பேங்க், சம்பளத்துக்கு தகுந்த மாதிரி இது மாறும், சில இடத்துல கிராஸ்லயே கணக்கு பாப்பாங்க, எங்க பேங்க்ல நெட்.

B4-ல 58,000 இருந்துச்சு. என் கிராஸ் 74,000, பிஎஃப், டாக்ஸ் எல்லாம் 10,000 போனா 64,000. அதுல கூட்டுறவு சொசைட்டி லோனுக்கு 6,000 சம்பளத்துலயே புடிச்சுட்டுதான் 58,000 அக்கவுண்டுக்கு வருது. சரி, கீழ B6-ஐ பாத்தா அங்கயும் சொசைட்டி லோன் 6,000! மேல சம்பளத்துலயும் கழிச்சாச்சு, கீழ கடன்லயும் கழிச்சாச்சு. எனக்கு அங்கயே சுர்ருன்னு ஏறிடுச்சு.

B7-ல பைக் லோன் 4,000, அது நியாயம். B8-ல மொபைல் இஎம்ஐ 2,500, அது கட்டி முடிச்சு என்ஓசியும் வாங்கியாச்சு, ஆனா சிபில் ரிப்போர்ட்ல இன்னும் ஆக்டிவ்னே நிக்குது.

அவங்க போட்ட கணக்கு: 58,000-ல பாதி 29,000, கடன் 12,500 போக 16,500. 8.5 சதவீத வட்டி, 20 வருஷம்னா லட்சத்துக்கு சுமார் 868 ரூபா இஎம்ஐ, அப்ப 19 லட்சம். சரியா போட்டா 64,000-ல பாதி 32,000, சொசைட்டியும் பைக்கும் சேர்த்து 10,000 போக 22,000. லோன் 25.3 லட்சம் வருது! கடன் பக்கம் 1,000 ரூபா தப்பா ஏறினா லோன்ல 1.15 லட்சம் போயிடும், இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க.

இதை அவருகிட்ட விளக்குறதுக்குள்ள தாவு தீந்துடுச்சு. "டேக் ஹோம்தான் சார் எடுப்போம்"னு அதையே சொல்றாரு. டேக் ஹோமே எடுங்க, அப்ப கீழ சொசைட்டியை எடுத்துடுங்க, 58,000-ல பாதியில பைக் மட்டும் போனா 25,000 வருது, எனக்கு இன்னும் லாபம்தான்னு சொன்னதும்தான் மேனேஜர் எட்டிப் பாத்தாங்க. அந்தம்மா ஷீட்டை ஒரு தடவ பாத்துட்டு "கீழ ஆப்ளிகேஷன்ல வந்தா மேல ஆட் பேக் பண்ணணும்பா"ன்னு அவர்கிட்ட சொன்னாங்க, அதாவது அந்த 6,000-ஐ மேல சம்பளத்துல திரும்ப சேர்க்கணும், அவ்ளோதான். 25,000 கணக்கை ஒத்துக்கல, கடன்னு இருந்தா கீழதான் வரணுமாம், அதுவும் சரிதான்.

மொபைல் லோனுக்கு என்ஓசியும், டெபிட் நின்னுபோன பேங்க் ஸ்டேட்மெண்டும் வச்சு சைன் பண்ணி குடுத்ததும் B8-ஐ 0 ஆக்கிட்டாங்க. எல்லா பேங்க்லயும் இப்படி ஒத்துக்க மாட்டாங்க, சிபில்ல மாறினாதான்னு சொல்றவங்களும் உண்டு. அதனால லோன் அப்ளை பண்றதுக்கு முன்னாடியே ரிப்போர்ட் எடுத்து பாத்துடுங்க. தப்பா இருந்தா சிபில்லயே டிஸ்ப்யூட் போடலாம், 30 நாளுக்குள்ள சரி பண்ணலைன்னா அதுக்கு மேல ஒரு நாளைக்கு 100 ரூபா இழப்பீடுன்னு ஆர்பிஐ ரூலே இருக்கு, 2024 ஏப்ரல்லேர்ந்து. நானும் போட்டு வச்சிருக்கேன்.

சொசைட்டி லோன் சிபில்ல வரல, அவங்க என் பே ஸ்லிப்பை பாத்துதான் எடுத்திருக்காங்க. அதனால உங்க ஸ்லிப்ல சொசைட்டி, பிஎஃப் லோன், ஃபெஸ்டிவல் அட்வான்ஸ்னு ஏதாவது பிடித்தம் இருந்தா அது மேலயும் கீழயும் வந்திருக்கான்னு கட்டாயம் பாருங்க. சாங்ஷன் 25 லட்சத்துக்கு வந்துடுச்சு. லெட்டரோட அந்த ஷீட்டையும் பிரிண்ட் போட்டு வாங்கிட்டேன், இப்ப மட்டும் இன்டர்னல்னு யாரும் சொல்லல.